ஸ்டேஷன் வரைக்கும்தான் ரயில்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு கார்ல் மார்க்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்கு இந்தியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேய முதலாளிகள் பருத்தியை மலிவாக அள்ளிக்கொண்டு போகத்தான் ரயில் போடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும், ரயில் வந்தால் அதன் பின்னால் நவீனத் தொழில்கள் வரும், அந்தத் தொழில்கள் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும், அந்தப் பிரிவினையின் மேல் நிற்கும் சாதியும் கரையும் என்று அவர் கணித்தார்.

நம் படிப்பு வட்டங்களில் இந்தக் கணிப்பு அடிக்கடி பேச்சுக்கு வருகிறது. "ரயில் பெட்டியில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அதனால் தீண்டாமை ஆட்டம் கண்டது" என்று ஒரு தோழர் சொல்வார். "எதுவும் மாறவில்லை, வெள்ளைக்காரன் கொள்ளையடித்ததுதான் மிச்சம்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் பொதுவாகப் பேசினால் முடிவே வராது. அதனால் நமக்குத் தெரிந்த ஒரு மண்ணை எடுத்துக்கொண்டு, அங்கே ரயில் எதைக் கொண்டுவந்தது, எதைக் கொண்டுபோனது என்று பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது பழைய வட ஆற்காடு மாவட்டம். அதிலும் குறிப்பாகப் போளூர், ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கம்.

சேத்துப்பட்டுக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் மேற்கே போளூருக்கோ, களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனுக்கோ போக வேண்டும். அந்த "ரோடு" என்ற ஒட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ரயில் ஊருக்குள் வராமல், ஊருக்குப் போகிற சாலை எங்கே பாதையைத் தொடுகிறதோ அங்கே ஸ்டேஷன் கட்டி, அதற்கு ஊர்ப்பெயரோடு "ரோடு" என்று சேர்த்தார்கள். வாலாஜா ரோடும் அப்படித்தான். பட்டு நெய்கிற ஆரணிக்கும் ஆரணி ரோடுக்கும் நடுவே கிடக்கிற அந்தச் சாலையில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. ரயில் ஸ்டேஷன் வரைக்கும்தான் வரும். அதற்கு அப்பால் மாட்டு வண்டி, வண்டிக்குச் சொந்தக்காரர், ஊர், ஊருக்கு வெளியே சேரி.

தென்னிந்தியாவின் முதல் ரயிலே வட ஆற்காட்டுக்குத்தான் வந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர் பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பிறகு அது காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டு, 1862க்குள் மலபார்க் கரையைத் தொட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போனது. ஆக, 1876இல் பஞ்சம் வந்தபோது இந்த மாவட்டம் ரயிலைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருந்தது. ரயில் இருந்தும் மக்கள் எப்படிச் செத்தார்கள் என்ற கேள்விக்கு இந்த மாவட்டம் நல்ல சாட்சி.

தாது வருடப் பஞ்சம் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்லும் அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த வருடம் தென்மேற்கும் கைவிட்டது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று பரவிய அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல் கப்பலாக அரிசி சென்னைக்கு வந்தது. மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலை போலக் குவிந்து கிடந்தன. அங்கிருந்து ரயில் ஏறி உள்நாட்டுக்குப் போயின. பஞ்ச காலத்து ரயில்வே சும்மா இருக்கவில்லை. வண்டிகள் போதாமல் திணறும் அளவுக்குத் தானியம் ஏற்றிக்கொண்டிருந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? இரண்டு இடத்தில். ஒன்று விலை, இன்னொன்று அந்தச் சாலை.

முதலில் விலையைப் பார்ப்போம். ரயில் வருவதற்கு முன்னால் போளூரில் நல்ல விளைச்சல் என்றால் அங்கே கேழ்வரகும் நெல்லும் மலிவாகக் கிடைக்கும். மாட்டு வண்டி ஒரு நாளைக்குப் பதினைந்து மைல் போனாலே பெரிய விஷயம் என்பதால், தொலைதூரத்துக்குத் தானியத்தை ஏற்றிப் போனால் வண்டிக் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். அதனால் உபரித் தானியம் ஊரிலேயே, குதிரில், குழியில் கிடக்கும். அடுத்த வருடம் மழை இல்லையென்றால் அதுதான் கைகொடுக்கும். அந்தக் குதிர் யாருடையது என்பது வேறு கேள்வி. அது சேரியுடையது இல்லை. ஆனால் தானியம் ஊரில் இருந்தது. படியாளுக்கு அளக்கிற கூலியும் தானியமாகவே இருந்தது.

ரயிலும் அதன் கூடவே ஓடிய தந்திக் கம்பியும் இதை மாற்றின. வேலூர் வியாபாரிக்குச் சென்னை விலை அன்றைக்கே தெரிந்தது. சென்னை விலையில் ரயில் கட்டணத்தைக் கழித்தால் என்ன வருகிறதோ, அதுதான் இனி வேலூர் விலை. ஊரில் விளைச்சல் நன்றாக இருந்தாலும் வெளியூரில் பஞ்சம் என்றால் இங்கேயும் விலை ஏறும். நிலம் வைத்திருப்பவருக்கு இது லாபம். குதிரில் போட்டு வைப்பதைவிட விற்றுக் காசாக்குவது நல்லது என்ற எண்ணம் வந்தது. காசுக் கூலிக்குப் போகிறவருக்கோ அதே நாளில் அதே கூலியில் வாங்குகிற படி அரிசி குறைந்துபோனது. பஞ்சத்தில் செத்தவர்கள் பெரும்பாலும் தானியம் இல்லாத ஊரில் செத்தவர்கள் என்று சொல்ல முடியாது. தானியம் வாங்கக் காசு இல்லாத ஆட்கள் செத்தார்கள். காசு இல்லாதவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலமில்லாத பறையர், அருந்ததியர் போன்ற கூலிகள், பிறகு நெசவாளிகள். ஊரில் சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது முதலில் நின்று போகிற வியாபாரம் துணி வியாபாரம்தான். ஒரு காலத்தில் மெல்லிய மஸ்லினுக்குப் பேர் போன ஆரணித் தறிகள், ரயில் ஏறி வந்த லங்காஷயர் நூலோடும் துணியோடும் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பறையர்களிலும் முரட்டுத் துணி நெய்து பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வரலாற்றில் நாம் எப்போதும் வயலில் மட்டும் இருந்ததாக எழுதிவிடுகிறார்கள்.

இனி அந்தச் சாலை. அன்று சேத்துப்பட்டுக்கு அருகே ரயில் இல்லை. வடக்கே காட்பாடிப் பக்கம் மெட்ராஸ் ரயில்வே ஓடியது. கிழக்கே திண்டிவனம் வழியாகப் போகிற தென்னிந்திய ரயில்வேயின் பாதை அந்தப் பஞ்ச வருடங்களில்தான் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டுமே மாட்டு வண்டியில் மூன்று நாள் தொலைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நான் புரிவதற்காகப் போடுகிற கணக்கு, ஆவணத்தில் இருப்பது அல்ல. ஒரு பாரவண்டியில் 600 கிலோ அரிசி ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். போக மூன்று நாள், வர மூன்று நாள். இரண்டு மாட்டுக்கும் சேர்த்து நாளைக்குப் பன்னிரண்டு கிலோ வைக்கோல் என்றால் ஆறு நாளைக்கு எழுபது கிலோவுக்கு மேல். சாதாரண வருடத்தில் வழியில் எங்காவது மேய்த்துக்கொள்ளலாம், ஏரியில் தண்ணீர் காட்டலாம். பஞ்சத்தில் ஏரி வறண்டு கிடக்கிறது, வைக்கோல் கூரையிலிருந்து பிடுங்குகிற விலைக்குப் போய்விட்டது. மாடுகளோ மனிதர்களுக்கு முன்னாலேயே செத்துக்கொண்டிருக்கின்றன. ரயில் எஞ்சினுக்கு விறகும் தண்ணீரும் இருந்தால் போதும், வறட்சி அதைத் தொடாது. வண்டி மாட்டை வறட்சிதான் முதலில் தொடும். அதனால் எந்த வருடம் சாலைவழிப் போக்குவரத்து மிகவும் தேவையோ, அந்த வருடம் பார்த்து அது படுத்துவிடுகிறது. ஸ்டேஷனில் மூட்டை கிடக்கும், நாற்பது மைல் தள்ளி ஆள் சாவான்.

மிச்சம் இருக்கிற வண்டிகள் எங்கே போகும்? வாங்குகிற சக்தி இருக்கிற ஊருக்குப் போகும். தனியார் வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் பிடிவாதம். சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகன் 1876 கடைசியில் அர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் தானியம் வாங்கச் செய்தபோது கல்கத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. சந்தை தானாகவே தானியத்தைத் தேவையான இடத்துக்கு அனுப்பிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். சந்தை கேட்பது பசியை அல்ல, காசை.

நிவாரணம் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் நிர்வாகத்தின் முகம் தெரியும். சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்கக் கல் உடைக்கும், மண் சுமக்கும் ஆணுக்குச் சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறைக் காசும். இது உயிர் பிழைக்கவே போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எழுத்து மேல் எழுத்தாக எதிர்த்தார். கூடவே "தூரச் சோதனை" என்று ஒன்று வைத்தார்கள். உடம்பில் தெம்பு இருப்பவருக்குத் தன் ஊரிலிருந்து பத்து மைலாவது தள்ளித்தான் வேலை. உண்மையிலேயே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது அதன் தர்க்கம். பத்து மைல் நடக்க முடியாத பசியும் உண்டு என்பது அதிகாரிகளின் கணக்கில் வரவில்லை. முகாம்களில் சமைத்துப் போட்ட சோற்றிலும் சாதி வந்தது. பறையர் சமைத்த சோற்றைச் சாதி இந்துக்கள் தொட மறுத்தார்கள். அப்படியானால் சமையல்காரன் எந்தச் சாதி என்று பார்க்க வேண்டும், வரிசையைப் பிரிக்க வேண்டும். சாவு வாசலில் நிற்கும்போதும் நம் சமூகம் இந்த ஒரு விஷயத்தில் ஒழுங்கு தவறவில்லை.

சேத்துப்பட்டில் அந்தக் காலத்தில் பணியாற்றியவர் பாரிஸ் மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த தார்ராஸ் சாமியார். பஞ்சத்தின்போதும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் இந்தப் பக்கத்துச் சேரிகள் பல கத்தோலிக்கத்துக்கு மாறின. "கஞ்சிக்காக மதம் மாறியவர்கள்" என்று இன்றும் கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்டேஷனில் இறங்கிய தானியம் சேரி வரைக்கும் வருவதற்கு வேறு எந்த வழியை உங்கள் ஊர் திறந்துவைத்திருந்தது?

பஞ்சம் முடிந்ததும் அரசு ஒரு பஞ்சக் கமிஷனை அமைத்தது. அது 1880இல் அறிக்கை கொடுத்தது. ரயில் பாதை போதவில்லை, ரயில் எட்டாத இடங்களில்தான் சாவு மோசம் என்ற முடிவுக்கு வந்து, நாட்டுக்கு 20,000 மைல் பாதை வேண்டும் என்றும், அதில் 5,000 மைல் உடனடியாக வேண்டும் என்றும் சொன்னது. அந்த வேகத்தில்தான் 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர் வழியாகக் காட்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது. சுமார் 160 கிலோமீட்டர். அதற்கு மேலும் பாகாலா, தர்மாவரம் என்று அது போனது. சேத்துப்பட்டு மக்களுக்கு இப்போது ஸ்டேஷன் மூன்று நாளிலிருந்து ஒரு நாளுக்குள் வந்துவிட்டது.

இந்தப் பாதை வியாபாரத்தை எப்படி மாற்றியது என்பதற்கு மல்லாட்டை நல்ல சாட்சி. மணிலாக் கொட்டை என்பதுதான் நம் வாயில் மல்லாட்டை ஆனது, பெயரிலேயே கடல் கடந்த சங்கதி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு 1879இலேயே ரயில் ஓடியது. பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரித் துறைமுகத்திலிருந்து கொட்டை கப்பலேறி மார்செய் நகரத்துக்குப் போகும். அங்கே எண்ணெயாகி, சோப்பாகும். தென்னாற்காட்டில் தொடங்கிய இந்தப் பயிர் ரயில் பாதை வந்த பிறகு நம் மேட்டுக் காடுகளிலும் கம்புக்கும் கேழ்வரகுக்கும் பக்கத்தில் இடம் பிடித்தது. விற்றுக் காசாக்க வசதியான பயிர். ஆனால் கூலிக்காரர் வீட்டில் உலையில் போட முடியாத பயிர். களத்தில் கேழ்வரகாகக் கூலி வாங்கினால் அன்றைக்கே கூழ் காய்ச்சலாம். காசாக வாங்கினால் கடைக்குப் போக வேண்டும், கடைக்காரர் சொன்ன விலை, கடைக்காரர் பிடித்த படி. இன்னொரு பக்கம் கொட்டை பிடுங்கும் பருவத்தில் பெண்களுக்கு வேலை கிடைத்தது, கையில் காசு என்ற ஒன்று வந்தது. காசுக் கூலியை நாம் ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. தானியக் கூலி பசியை ஆற்றும், ஆனால் அதே பண்ணையில் கட்டிப்போடும். காசை எடுத்துக்கொண்டு ரயில் டிக்கெட் வாங்கலாம்.

நிர்வாகமும் ரயில் தண்டவாளத்தோடு சேர்ந்து ஊருக்குள் இறங்கியது. அப்போது வட ஆற்காடு கலெக்டர் சித்தூரில் இருந்தார். 1911 வரை அதுதான் மாவட்டத் தலைநகரம். சித்தூரிலிருந்து போளூருக்குக் குதிரையிலும் பல்லக்கிலும் வந்துகொண்டிருந்த அதிகாரம் இனி ரயிலில் வந்தது, தந்தியில் வந்தது. பஞ்சக் கமிஷனுக்குப் பிறகு 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. மழை எவ்வளவு, விலை எவ்வளவு, எந்த அறிகுறி தெரிந்தால் சோதனை வேலை திறப்பது, எப்போது இலவச உதவி கொடுப்பது என்று விதிகள் வந்தன. வாராவாரம் விலைப் புள்ளிகள் மேலே போயின. காகிதத்தில் பார்த்தால் பெரிய முன்னேற்றம்தான், சில உயிர்களையும் அது காப்பாற்றியிருக்கும்.

ஆனால் வேலை செய்ய முடியாத கிழவர்கள், நோயாளிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் யார் யார் என்று பட்டியல் போடுவது யார்? கிராமத்துக் கர்ணமும் முன்சீப்பும். கலெக்டர் ரயிலில் விரைவாக வரலாம், தந்தி நொடியில் வரலாம். தகவல் கிளம்புகிற இடமும் உதவி வந்து சேருகிற இடமும் அந்த இருவர் கையில்தான். அவர்கள் சேரிக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். இன்று நூறு நாள் வேலைக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் பட்டியல் சரிபார்க்க நாங்கள் போகும்போதும் முதலில் பார்ப்பது, பட்டியல் எழுதியவர் எந்தத் தெரு வரைக்கும் நடந்தார் என்பதைத்தான்.

நேரத்தையும் ரயில் மாற்றியது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து நேரம் வைத்தால் ரயில் அட்டவணை போட முடியாது. அதனால் சென்னை வானியல் நிலையத்தின் நேரத்தையே இந்திய ரயில்வே முழுக்க "ரயில்வே நேரமாக" வைத்துக்கொண்டார்கள். 1906இல்தான் இப்போதிருக்கும் இந்திய நேரம் வந்தது. விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை என்று அளக்கப்பட்ட படியாளின் வேலைநாளுக்கு மணிக்கணக்கு என்று ஒன்று உண்டு என்பதே சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போன பிறகுதான் தெரிந்தது.

இப்போது பெட்டிக்குள் வருவோம். ரயில் கம்பெனிகள் பணத்தை வைத்து வகுப்பு பிரித்தன, சாதியை வைத்துப் பெட்டி பிரிக்கவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல. சாதிக்கொரு பெட்டி என்றால் கட்டுப்படியாகாது. கம்பெனிகளின் பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வந்தது. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர், டிக்கெட் வாங்கிவிட்டால் அந்த மூன்றாம் வகுப்புப் பலகையில் யார் பக்கத்திலும் உட்காரலாம். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. காந்தி 1909இல் 'ஹிந்த் சுயராஜ்' நூலில் ரயிலைக் கடுமையாகச் சாடினார். ரயில் இருப்பதால்தான் தானியம் அதிக விலை கிடைக்கும் இடத்துக்குப் போய்ப் பஞ்சம் கூடுகிறது என்பதும் அவர் வாதங்களில் ஒன்று. மேலே பார்த்த விலைக் கதையில் அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் ரயில் இல்லாத பழைய கிராமம் நல்ல கிராமம் என்று அவர் போகிற இடத்துக்கு நம்மால் கூடப் போக முடியாது. அந்தக் கிராமத்தில் நாம் எங்கே குடியிருந்தோம் என்று நமக்குத் தெரியும்.

பெட்டிக்கு வெளியே, பிளாட்பாரத்திலேயே நிலைமை மாறிவிடும். தண்ணீர் ஊற்றப் பிராமணர்களை வைத்தார்கள். ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். அந்த "மற்றவர்"களிலும் நமக்கு இடம் உறுதி இல்லை. பெரியாரும் அவர் இயக்கமும் விடாமல் எதிர்த்த பிறகு, 1941இல்தான் தென்னிந்திய ரயில்வே விடுதிகளில் அந்தப் பிரிவினை நீங்கியது. முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி 85 வருடம் கழித்து.

ஸ்டேஷனைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதை நம் எல்லாரையும்விடத் தெளிவாக எழுதிவைத்தவர் அண்ணல் அம்பேத்கர். 1901இல், அவர் சின்னப் பையன். சதாராவிலிருந்து அண்ணன், அக்காள் பிள்ளைகளோடு ரயிலேறி, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் போகிறார். மாசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல துணி உடுத்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அக்கறையாக விசாரிக்கிறார். மகர் என்று சொன்னதும் முகம் மாறிப் பின்வாங்கிப் போய்விடுகிறார். வாசலில் வண்டிகள் நிற்கின்றன, ஒரு வண்டிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்கிறார். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவது, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்று பேசி முடிக்கிறார்கள். இரவெல்லாம் வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதுவரை ரயிலில் வந்த பயணத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, மகிழ்ச்சியாகத்தான் வந்தார்கள் என்பதையும் அவரே எழுதுகிறார். தாது வருடத்தில் சேத்துப்பட்டு அரிசிக்கு நடந்ததும் மாசூரில் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததும் ஒரே சாலையில் நடந்தவை. வண்டி யாருடையது என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

அப்படியானால் அந்தச் சாலையில் திரும்பி வராமலே போய்விட்டால்? வட ஆற்காட்டுச் சேரிகள் கண்டுபிடித்த வழி அதுதான். சட்டப்படி 1843இலேயே இந்தியாவில் அடிமை முறை செல்லாது. ஆனால் கடனும் மனைக்கட்டும் படியாளைப் பண்ணையோடு கட்டிவைத்திருந்தன. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1890களின் தொடக்கத்தில் பறையர்களின் நிலை பற்றிக் கொடுத்த அறிக்கையில் இதை விரிவாகப் பார்க்கலாம். பஞ்சமி நிலம் பிறந்த கதையும் அங்கேதான். அந்தக் கட்டை அறுக்க அறிக்கைக்காக மக்கள் காத்திருக்கவில்லை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியது. ஆள் தேவைப்பட்டது. காட்பாடியிலோ ஜோலார்பேட்டையிலோ பெங்களூர் வண்டி ஏறினால் பௌரிங்பேட்டை, இன்றைய பங்காருபேட்டை. அங்கிருந்து சுரங்கம் வரை பத்து மைல். 1894இல் அந்தப் பத்து மைலுக்கும் மாரிக்குப்பம் வரை ரயில் கிளை போட்டார்கள். கவனித்தீர்களா, தங்கத்துக்கும் அதைத் தோண்டுகிற ஆளுக்கும் என்றால் கடைசிப் பத்து மைலுக்கும் தண்டவாளம் வரும்.

வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், வெந்து போகிற சூட்டில், பாறை வெடித்துச் சாகிற, கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்லச் சாகிற வேலை. மார்க்ஸ் எதிர்பார்த்த நவீனத் தொழில் இதோ வந்துவிட்டது. அது பரம்பரைத் தொழிலைக் கலைத்தது உண்மை, பறையர் வயலை விட்டுச் சுரங்கத்துக்கு வந்தார்கள். ஆனால் மேலே அலுவலகத்தில் ஐரோப்பியர், கீழே மண்ணுக்கடியில் தீண்டத்தகாதவர் என்று புது அடுக்கில் பழைய படிகளே அமைந்தன. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டதற்குக் கோலார் ஒரு சாட்சி. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனிகள் கிளம்பியபோது அங்கே பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. குற்றவாளிக்கு எடுப்பதை எங்களுக்கு ஏன் எடுக்கிறாய் என்ற அந்தக் கேள்வியை ஒரு படியாள் தன் பண்ணையாரிடம் கேட்டிருக்க முடியாது.

மார்க்ஸ் எதிர்பாராத ஒன்றும் அந்தத் தண்டவாளத்தில் வந்தது. 1907 ஜூன் மாதம் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த வருடம் அது 'தமிழன்' ஆனது. அச்சாவது சென்னையில். ரயில் தபாலில் ஏறினால் மாரிக்குப்பம். அங்கே கூலிவரிசை வீடுகளில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தால் சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்ந்தது. பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயல் வலுவான கோட்டையானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்தக் கூட்டங்கள் நடந்தன, நூல்கள் வெளிவந்தன. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. பொங்கலுக்கும் சாவுக்கும் ஊருக்கு வந்தவர்கள் மணியார்டர் காசோடு அந்தப் பேச்சையும் போளூரிலும் ஆரணி ரோடிலும் இறங்கிச் சேரிக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் சரக்கை ஏற்றி இறக்க யாருடைய வண்டியும் தேவைப்படவில்லை.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. போனவர்களின் பேரன் பேத்திகள் இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். நம் பக்கத்தில், வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாகத் திண்டிவனத்திலிருந்து நகரிக்குப் போட வேண்டிய புதிய பாதை 2006-07 பட்ஜெட்டில் ஒப்புதல் வாங்கியும் இன்னும் முடியவில்லை. சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வருகிற நெல் லாரியில்தான் போகிறது. அந்த மூட்டைகளைத் தூக்குகிறவர்களிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் யார் யார் கோலாருக்குப் போனார்கள், எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள், ஸ்டேஷன் வரைக்கும் எப்படிப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அது தெரிந்த தலைமுறை இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள்.